ஒட்டும்போது கூடவே வருவது என்ன?

ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலருக்குப் பக்கம் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. மொத்தம் 38 கட்டுரைகள். பாதி மின்னஞ்சலில் வேர்ட் கோப்பாக வந்தன. சில வாட்ஸ்அப்பில் வந்தன. இரண்டு மூன்று பேர் தங்கள் வலைப்பூவின் முகவரியைக் கொடுத்து, அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வயதில் மூத்த ஆசிரியர்கள் சிலர், பல வருடங்களுக்கு முன்பு பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்த பழைய கோப்புகளையே அனுப்பினார்கள். பழைய மலர் ஒன்று பி.டி.எஃப். ஆக இருந்தது. இவை எல்லாவற்றையும் ஒரே ஆவணத்தில், ஒரே எழுத்துருவில், ஒரே வரி இடைவெளியில் கொண்டுவர வேண்டும்.

முதல் நாள் வழக்கம்போல Ctrl+C, Ctrl+V என்றே போனேன். ஆறாவது கட்டுரையை ஒட்டும்போது ஆவணம் கலைந்துவிட்டது. வலைப்பூவிலிருந்து எடுத்த பத்திகளுக்குப் பின்னால் வெளிர் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஒரு கட்டுரை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அட்டவணை ஒன்றுக்குள் உட்கார்ந்திருந்தது. அதன் ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டது. என் ஆவணத்தின் பாணிப் பட்டியலில் நான் உருவாக்காத பெயர்கள் புதிதாக முளைத்திருந்தன. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினால் தமிழ் ஒரு அளவிலும் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் எண்களும் இன்னொரு அளவிலும் நின்றன.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, Ctrl+C அழுத்தும் நொடியில் கணினி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

நாம் ஒரு சொல்லைக் காப்பி செய்தால், காப்பி செய்தது தற்காலிகமாகத் தங்கும் கிளிப்போர்டில் அந்தச் சொல் மட்டும் போய் உட்காருகிறது என்றே நினைக்கிறோம். உண்மையில் அங்கே போவது ஒரு பொட்டலம். அதே விஷயம் அதற்குள் பல வடிவங்களில் இருக்கும். வலைப்பக்கத்திலிருந்து காப்பி செய்தால், வெறும் எழுத்துகள் மட்டும் உள்ள வெற்று உரை ஒன்று, நிறமும் எழுத்துருவும் இணைப்பும் எழுதப்பட்ட எச்.டி.எம்.எல். ஒன்று என்று குறைந்தது இரண்டு போகும். வேர்டிலிருந்து காப்பி செய்தால் இவற்றோடு, அலங்காரத்தை இன்னொரு முறையில் எழுதிவைக்கும் ஆர்.டி.எஃப்., படம் என்று இன்னும் பல சேரும். காப்பி செய்யும் நிரல் தன்னால் முடிந்த எல்லா வடிவங்களையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும்.

அப்புறம் எதை எடுப்பது என்று முடிவு செய்வது, ஒட்டிக்கொள்ளும் நிரல். அது தனக்குப் புரிகிற வடிவங்களில் பொதுவாக மிகவும் வளமானதை எடுத்துக்கொள்ளும். வேர்டுக்கு ஆர்.டி.எஃப்., எச்.டி.எம்.எல். எல்லாம் புரியும் என்பதால் அலங்காரத்தோடு சேர்த்து எடுக்கிறது. பழைய நோட்பேடுக்கு வெற்று உரை மட்டுமே புரியும். அதனால் அது மட்டும் வருகிறது. ஒரே Ctrl+C-க்குப் பிறகு இரண்டு இடத்தில் ஒட்டினால் இரண்டு விதமாக வருவதற்கு இதுதான் காரணம்.

வலைப்பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்த ஒரு சொல்லைக் காப்பி செய்தேன் என்று வையுங்கள். எச்.டி.எம்.எல். வடிவத்தில் கிளிப்போர்டுக்குப் போவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Version:0.9
StartHTML:...
EndHTML:...
<html><body>
<!--StartFragment-->
<b style="font-size:17px; color:#333;
 background-color:#f5f5f5;">பள்ளி</b>
<!--EndFragment-->
</body></html>
```

நான் கேட்டது `பள்ளி` என்ற ஒரு சொல். வந்தது அதன் அளவு, நிறம், பின்னணி நிறம் எல்லாம். அந்த `#f5f5f5` தான் என் பக்கத்தில் தெரிந்த வெளிர் சாம்பல். வலைப்பூவின் பின்னணியும் அதே சாம்பல் என்பதால் அங்கே அது கண்ணில் படவில்லை. வெள்ளைத் தாளுக்கு வந்ததும் தெரிந்தது. உங்கள் கணினியிலேயே இதைப் பார்க்க விரும்பினால், வலைப்பக்கத்தில் எதையாவது காப்பி செய்துவிட்டு, விண்டோஸோடு வரும் Windows PowerShell-ஐத் திறந்து இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
Get-Clipboard -TextFormatType Html
```

தமிழ் எழுத்துகள் அங்கே சிதைந்து தெரியலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். சுற்றியிருக்கும் சுமை எவ்வளவு என்று பார்க்கத்தான் இது.

தமிழும் ஆங்கிலமும் வேறுவேறு அளவில் நின்றதற்கும் இதே மூட்டைதான் காரணம். வேர்ட் ஒவ்வொரு துண்டு உரைக்கும் குறைந்தது இரண்டு எழுத்துரு வைத்துக்கொள்கிறது. ஒன்று ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கு. மற்றொன்று Complex scripts என்று அது அழைக்கும் தமிழ், அரபு போன்றவற்றுக்கு. அளவும் இரண்டுக்கும் தனித்தனி. வெளியிலிருந்து அலங்காரத்தோடு ஒட்டும்போது இரண்டும் வேறுவேறு மதிப்போடு வந்து சேரலாம். வெற்று உரையாக ஒட்டினால் இந்த வம்பே இல்லை. இரண்டுக்கும் நம் ஆவணத்தின் பாணியே பொருந்தும்.

சரி, வெற்று உரையை மட்டும் எடு என்று சொல்வது எப்படி? பெரும்பாலான இடங்களில் Ctrl+Shift+V. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், கூகுள் டாக்ஸ் எல்லாவற்றிலும் இது வேலை செய்யும். சந்தா முறையில் வரும் புதிய வேர்டிலும் இதே விசைதான். பழைய வேர்ட் வைத்திருப்பவர்கள் Ctrl+V அழுத்தி ஒட்டிவிட்டு, கையை எடுத்து, Ctrl-ஐ மட்டும் ஒருமுறை தட்டி, பிறகு T அழுத்தினால் Keep Text Only ஆகிவிடும். லிப்ரே ஆபீஸில் Ctrl+Alt+Shift+V. மேக் கணினியில் பல நிரல்களில் Option+Shift+Command+V.

நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து மறுபடி காப்பி செய்து, வேர்டில் ஒட்டுவது பல அலுவலகங்களில் இன்றும் நடக்கிற வழி. வேலை செய்யும், ஆனால் இரட்டை வேலை. தவிர, விண்டோஸ் 11-இன் புதிய நோட்பேடில் தடித்த எழுத்து, தலைப்பு போன்ற வடிவமைப்பு வசதி வந்துவிட்டது. அதனால் பழைய நோட்பேடைப் போல அது எல்லாவற்றையும் உதிர்த்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. அமைப்புகளில் போய் அந்த வசதியை அணைத்துக்கொள்ள வேண்டும்.

வேர்டிலேயே நிரந்தரமாக மாற்றிவைக்கவும் வழி இருக்கிறது. File, Options, Advanced என்று போனால் Cut, copy, and paste என்ற பகுதி வரும். அதே ஆவணத்துக்குள் ஒட்டுவது, ஆவணங்களுக்கு இடையில் ஒட்டுவது, வேறு நிரல்களிலிருந்து ஒட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முடிவு செய்யலாம். நான் வேறு நிரல்களிலிருந்து வருவதற்கு Keep Text Only வைத்திருக்கிறேன். ஆவணங்களுக்கு இடையில் Merge Formatting. இது நடுவழி: எழுத்துருவும் அளவும் நம் ஆவணத்தினுடையதாகிவிடும், பத்தியின் நடுவில் இருக்கும் தடிப்பும் சாய்வும் தங்கும். ஆனால் நாம் தேர்ந்தெடுத்த பகுதி முழுக்கவே தடித்திருந்தால் அதை அழுத்தம் கொடுப்பதற்கான தடிப்பாக அது எடுத்துக்கொள்ளாது, உதிர்த்துவிடும். ஒரு தலைப்பை மட்டும் எடுத்து ஒட்டும்போது தடிப்பு காணாமல் போவது இதனால்தான்.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் எப்போதும் வெற்று உரையாகவே ஒட்டிவிடலாம் என்று தோன்றும். நானும் இரண்டாம் நாள் அப்படித்தான் முடிவெடுத்தேன். அதில்தான் பெரிய தவறுகள் நடந்தன. முதல் நாள் தவறுகள் கண்ணை உறுத்தின. இரண்டாம் நாள் தவறுகள் கண்ணுக்கே தெரியவில்லை.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் தன் கட்டுரையில் 5 × 10³ என்று எழுதியிருந்தார். அந்த 3 மேலே தூக்கி வைத்த சாதாரண 3. மேலே தூக்கியது வடிவமைப்பு. வெற்று உரையாக ஒட்டியதும் அது கீழே இறங்கி 5 × 103 ஆகிவிட்டது. ஐயாயிரம் என்பது ஐந்நூற்றுப் பதினைந்தாக மாறி நிற்கிறது. படிப்பவருக்கு அதில் எந்தச் சந்தேகமும் வராது. ² ³ போன்றவற்றைத் தனி எழுத்தாகவே தட்டியிருந்தால் பிழைக்கும். மேலே தூக்கும் பொத்தானை அழுத்தியிருந்தால் பிழைக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அதே ஆசிரியர் மெய்ப்புப் படியைப் பார்த்துவிட்டு மாலையில் கூப்பிட்டார். "தம்பி, பழைய தலைமையாசிரியரைப் பத்தி எழுதின அந்த ரெண்டு வரியை நான் அடிச்சிட்டேனே, அது எப்படி மறுபடி வந்துச்சு?" என்றார். கோப்பைத் திறந்து பார்த்தேன். அவர் அந்த வரிகளை நீக்கவில்லை. நடுவில் கோடு போட்டு அடித்திருந்தார், தாளில் எழுதிப் பழகியவர்கள் செய்வதைப் போல. அந்தக் கோடு ஒரு வடிவமைப்பு. வெற்று உரையில் கோடு உதிர்ந்தது, வரிகள் உயிரோடு வந்துவிட்டன. "ஐயா, நல்லவேளை இப்பவே பார்த்தீங்க, எடுத்துடறேன்" என்றேன். அது அச்சுக்குப் போயிருந்தால் ஒரு மனிதரைப் பற்றி, எழுதியவரே வேண்டாம் என்று விலக்கிய சொற்கள் அவர் பெயரிலேயே வெளிவந்திருக்கும்.

வடிவமைப்பில் பொருள் ஒளிந்திருக்கும் இடங்கள் இவை. அன்றிலிருந்து, உதிர்ப்பதற்கு முன்பு மூலக் கோப்பின் நகல் ஒன்றில் இரண்டு தேடல்கள் செய்கிறேன். வேர்டில் Ctrl+H, More, Format, Font என்று போய், தேடும் பெட்டியைக் காலியாக விட்டு, Strikethrough-ஐ மட்டும் டிக் செய்தால் கோடு போட்ட எல்லாமே அகப்படும். மாற்றும் பெட்டியையும் காலியாக விட்டு Replace All கொடுத்தால் அவை நீங்கிவிடும். ஆனால் ஒவ்வொன்றாகப் பார்த்தே நீக்குங்கள். சிலர் கோட்டை வேறு எதற்காவது போட்டிருப்பார்கள். அடுத்து அதே இடத்தில் Strikethrough-ஐ எடுத்துவிட்டு Superscript-ஐத் தேர்ந்தெடுத்து, மாற்றும் பெட்டியில் இதைக் கொடுப்பேன்:

```
^^^&
```

முதல் இரண்டு குறிகளும் சேர்ந்து ஒரு `^` குறியைத் தரும். `^&` என்பது தேடலில் அகப்பட்ட அதே எழுத்து. ஆக 10³ என்பது 10^3 என்றாகும். இப்போது வெற்று உரையாக ஒட்டினாலும் அந்தக் குறி கூடவே வரும். கடைசியில் ஒவ்வொன்றாகத் தேடி மேலே தூக்கிக்கொள்ளலாம்.

பாமினிக் கோப்புகளுக்கு வருகிறேன். தமிழில் வேலை செய்பவர்கள் அடிக்கடி சந்திக்கிற சிக்கல் இது.

ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு வருவதற்கு முன்பு உருவான பாமினி போன்ற எழுத்துருக்களில் இருப்பது உள்ளபடி தமிழ் எழுத்து அல்ல. கோப்பில் ஆங்கில எழுத்துகளே இருக்கும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும். `j` என்று இருந்தால் திரையில் த என்று காட்டும்; `k` என்றால் ம. தமிழ் என்ற சொல் கோப்பில் இப்படி இருக்கும்:

```
jkpo;
```

அம்மா என்பது `mk;kh`. இங்கே எழுத்துருதான் தமிழ். வெற்று உரையாக ஒட்டுவது என்றால் எழுத்துருவை உதிர்ப்பது. எழுத்துரு போனால் தமிழும் போகும், `jkpo;` தான் மிஞ்சும். ஒட்டியவுடன் இப்படி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தால், கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பழைய குறியாக்கத்தில் உள்ளது என்று அர்த்தம். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் பாமினியிலிருந்து யூனிகோடு என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் தமிழ் திரும்பிவிடும். எந்த எழுத்துரு என்று தெரிந்தால்தான் மாற்ற முடியும். ஒவ்வொரு குறியாக்கத்துக்கும் கணக்கு வேறு. அதனால் மூலக் கோப்பைத் திறந்து, எழுத்தின் மேல் சொடுக்கி, எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் தெரிகிறது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒட்டிய பிறகு அந்தத் தகவல் கிடைக்காது.

மாற்றியில் போட்ட பிறகும் ஒரு சிக்கல் மீதி இருந்தது. மூத்த ஆசிரியர் ஒருவரின் பாமினிக் கட்டுரையில் நடுநடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தன: பாடப்புத்தகத்தின் பெயர், பட்டங்கள், ஓர் ஊர்ப் பெயர். மூலக் கோப்பில் அவை டைம்ஸ் எழுத்துருவில் இருந்ததால் ஆங்கிலமாகத் தெரிந்தன. வெற்று உரையாக்கியதும் எது பாமினி, எது ஆங்கிலம் என்று பிரிக்க ஒன்றும் இல்லை. இரண்டுமே ஆங்கில எழுத்துகள்தான். மாற்றி பாவம் எல்லாவற்றையும் பாமினி என்றே நினைத்து, ஆங்கிலச் சொற்களையும் உச்சரிக்க முடியாத தமிழ்த் துண்டுகளாக்கிவிட்டது. எழுத்துக்கு முன்னால் ஒரு கால் தனியாக நிற்பது, சொல்லின் தொடக்கத்திலேயே சுழி வருவது என்று பார்த்தவுடனே தெரியும். சிறிய சொல் என்றால் தெரியாமலும் போகலாம்.

இங்கேதான் கிளிப்போர்டு வரலாறு எனக்குக் கை கொடுத்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கிளிப்போர்டில் ஒரு நேரத்தில் ஒரு பொட்டலம்தான் இருக்கும். அடுத்த Ctrl+C முந்தையதைத் தள்ளிவிட்டு உட்காரும். பல வருடங்கள் இப்படித்தான் இருந்தது. ஒருமுறை ஒரு நீண்ட பத்தியை இடம் மாற்றுவதற்காக Ctrl+X கொடுத்து வெட்டினேன். ஒட்டுவதற்குள் யாரோ வந்து ஒரு பெயரின் எழுத்துக்கூட்டலைக் கேட்டார்கள்; அதைத் தேடிக் காப்பி செய்து அனுப்பினேன். திரும்பி வந்து ஒட்டினால் அந்தப் பெயர் விழுந்தது. பத்தி போய்விட்டது, நடுவில் ஆவணத்தைச் சேமித்து மூடியும் இருந்தேன். மறுபடி உட்கார்ந்து எழுதினேன். முதலில் வந்த மாதிரி அது வரவில்லை.

விண்டோஸ் 10-இன் 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து இதற்கு வழி வந்தது. Win+V அழுத்தினால் ஒரு சிறு பலகை திறக்கும். முதல் முறை Turn on என்று கேட்கும். அதை அழுத்திய பிறகு காப்பி செய்வதுதான் சேரும், அதற்கு முன்பு செய்தது இருக்காது. அதற்குப் பிறகு காப்பி செய்த உரைகளும் படங்களும் புதியது மேலே, பழையது கீழே என்று வரிசையாக நிற்கும். வேண்டியதைச் சொடுக்கினால் கர்சர் இருக்கும் இடத்தில் ஒட்டும்.

அந்தப் பலகைக்கு எல்லைகள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொண்டுதான் அதை நம்ப வேண்டும். 25 உருப்படிகள்தான் தங்கும். 26-ஆவது வரும்போது மிகப் பழையது விழும். ஒவ்வொன்றும் 4 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். பெரிய படம் சேராமல் போவது இதனால்தான். கணினியை மறுதொடக்கம் செய்தால் பட்டியல் காலியாகிவிடும். முள் குறியை அழுத்திப் பொருத்தி வைத்தவை மட்டும் மறுதொடக்கத்துக்குப் பிறகும் இருக்கும். Clear all கொடுத்தாலும் அவை போகாது. கோப்புறையில் ஒரு கோப்பையே காப்பி செய்தால் அது இந்தப் பட்டியலில் வராது.

பாமினிக் கட்டுரைக்கு நான் செய்தது இது. மூலக் கோப்பை வேர்டில் திறந்து, அதிலிருந்த ஆங்கிலச் சொற்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் காப்பி செய்தேன். மொத்தம் 14 சொற்கள், 25-க்குள் அடங்கியது. அப்புறம் கட்டுரை முழுவதையும் எடுத்து மாற்றியில் போட்டு, யூனிகோடாக வந்ததை மலர் ஆவணத்தில் ஒட்டினேன். அந்த இரண்டு காப்பிகளும் சேர்ந்து 16. பிறகு கட்டுரையைப் படித்துக்கொண்டே போய், சிதைந்த துண்டு வரும் இடங்களில் அதைத் தேர்ந்தெடுத்து, Win+V அழுத்தி உரிய சொல்லை எடுத்து வைத்தேன். மூலத்தையும் மலரையும் மாற்றி மாற்றித் திறக்க வேண்டியிருக்கவில்லை. எத்தனை சொல் என்ற கணக்கும் கையில் இருந்ததால், 13 இடத்தில்தான் மாற்றியிருக்கிறேன் என்பது கடைசியில் தெரிந்தது. விட்டுப்போன ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அது இரண்டே எழுத்து உள்ள ஒரு பட்டப்பெயர். மாற்றியில் போய் ஏறக்குறைய தமிழ்ச் சொல் போலவே ஆகியிருந்தது.

இந்தப் பலகையிலிருந்து எடுக்கும்போது அலங்காரமும் கூடவே வரும். பொட்டலத்தின் எச்.டி.எம்.எல். வடிவத்தையும் விண்டோஸ் சேர்த்தே வைத்திருக்கிறது. விண்டோஸ் 11-இல் உருப்படியின் ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கும். அதைச் சொடுக்கினால் வெற்று உரையாக ஒட்டும் பொத்தான் கிடைக்கும். விண்டோஸ் 10-இல் அது இல்லை. அங்கே நான் செய்வது: பட்டியலிலிருந்து ஒட்டிவிட்டு, உடனே Ctrl+Z, பிறகு Ctrl+Shift+V. பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதுவே கிளிப்போர்டின் நடப்பு உருப்படி ஆகிவிடுவதால் இது வேலை செய்கிறது. எல்லா நிரல்களிலும் ஒரே விசை வேண்டும் என்பவர்கள் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸை நிறுவிக்கொள்ளலாம். அதில் Advanced Paste என்ற பகுதி இந்த வேலையைச் செய்யும். 25 போதாது, நேற்று காப்பி செய்ததும் வேண்டும் என்றால் டிட்டோ என்ற இலவச நிரல் இருக்கிறது; பழையவற்றைச் சேமித்து வைத்து, தேடவும் விடும். மேக்கில் நெடுநாள் இந்த வசதி இல்லாமல் இருந்து, 2025-இல் வந்த டஹோ பதிப்பில் ஸ்பாட்லைட்டுக்குள் வந்தது.

சேமித்து வைக்கும் எதுவும் பிறர் கண்ணிலும் படும். வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல் என்று எதைக் காப்பி செய்தாலும் அது 25 உருப்படிகளில் ஒன்றாக நிற்கும். அடுத்து உட்காருபவர் Win+V அழுத்தினால் போதும். நல்ல கடவுச்சொல் பெட்டக நிரல்கள், இதை வரலாற்றில் சேர்க்காதே என்ற குறிப்போடு பொட்டலத்தை வைக்கின்றன. நாமே ஒரு கோப்பிலிருந்தோ எக்செல் கட்டத்திலிருந்தோ காப்பி செய்தால் அந்தக் குறிப்பு இருக்காது. பலர் பயன்படுத்தும் கணினியில் எழுந்து போகும் முன் Clear all கொடுத்துவிடுங்கள், பொருத்தி வைத்தவற்றைத் தனியாக நீக்குங்கள். மற்ற சாதனங்களோடு ஒத்திசைக்கும் தெரிவு ஒன்றும் அமைப்புகளில் இருக்கிறது. அதைப் போட்டால் காப்பி செய்வது மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக வெளியே போகும். பிறருடைய ஆவணங்களைக் கையாளுகிறவன் என்பதால் நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

கடைசியாக, வெற்று உரை என்பது சுத்தமான உரை என்று அர்த்தமல்ல. அலங்காரம் உதிர்ந்தாலும் எழுத்தாகவே இருக்கும் அழுக்கு உதிராது. வலைப்பக்கத்திலிருந்து வரும் உரையில் வரி உடையாத இடைவெளி கலந்து வரும். பார்வைக்குச் சாதாரண இடைவெளிதான். ஆனால் இரண்டு சொற்களையும் ஒட்டவைத்தே அடுத்த வரிக்கு இழுத்துப் போகும், அதனால் வரியின் முடிவில் காரணமில்லாமல் பெரிய ஓட்டை விழும். வேர்டில் ¶ பொத்தானை அழுத்தினால் சாதாரண இடைவெளி புள்ளியாகவும் இது சிறு வட்டமாகவும் தெரியும். தேடும் பெட்டியில் `^s` கொடுத்து, மாற்றும் பெட்டியில் ஒரு சாதாரண இடைவெளி கொடுத்தால் தீர்ந்தது.

பி.டி.எஃப். இலிருந்து எடுத்த பழைய மலர்க் கட்டுரைதான் அதிக நேரம் கேட்டது. அங்கே ஒவ்வொரு வரியின் முடிவும் ஒரு பத்தி முடிவாக வந்துவிடுகிறது. பத்திகளுக்கு நடுவில் காலி வரி இருந்தால் மூன்று மாற்றங்களில் சரி செய்யலாம். இடப்பக்கம் தேடுவது, வலப்பக்கம் மாற்றுவது. கடைசிக்கு முந்தைய வரியில் வலப்பக்கம் ஒரே ஓர் இடைவெளி:

```
^p^p   →   @@@
^p     →   (இடைவெளி)
@@@    →   ^p
```

இதைச் செய்த பிறகும் தமிழுக்கென்று ஒரு வேலை மீதி இருக்கும். நம் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லைக் கோடு எதுவும் போடாமலே உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது பழைய வழக்கம். வரிகளை இடைவெளி வைத்துச் சேர்த்ததும் அந்த உடைப்புகள் எல்லாம் "வந்தி ருந்தார்கள்", "பள்ளிக்கூடத்தி லிருந்து" என்று நடுவில் ஓட்டையோடு நிற்கும். எது உண்மையான இடைவெளி, எது உடைப்பு என்று கணினிக்குத் தெரியாது. அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரி முடிவாகப் பார்த்தேன். நான்கு பக்கக் கட்டுரையில் அப்படி 60-க்கும் மேல் இருந்தன.

மலரை அச்சுக்கு அனுப்பும் முன்பு இன்னொரு தேடலும் செய்தேன். சில மாற்றிகளும் சில விசைப்பலகைகளும் ொ என்ற உயிர்க்குறியை ஒரே குறியாக வைக்கும். சில ெ, ா என்று இரண்டாக வைக்கும். திரையில் இரண்டும் ஒன்றே. தேடும் நிரல் அவற்றை ஒன்றாகக் கருதவில்லை என்றால், ஒரு விதமாகத் தட்டித் தேடும்போது மற்றது அகப்படாது. பள்ளியை நிறுவியவரின் பெயரில் ஒரு பொ இருக்கிறது. அந்தப் பெயரைத் தேடியபோது 38 கட்டுரைகளில் 31 இடம்தான் காட்டியது. ெ, ா என்று இரண்டாக உள்ள வடிவத்தை யூனிகோடாக மாற்றிய ஒரு பாமினிக் கட்டுரையிலிருந்து காப்பி செய்து தேடும் பெட்டியில் ஒட்டித் தேடினேன். இன்னும் 9 இடங்கள் வந்தன. அந்த ஒன்பதில் ஒன்றில் அவர் பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்து தவறாக இருந்தது.